ஒன்று என்றால் அரை மீட்டர்

"ஏழுன்னு எழுதினா எவன் வாங்குவான்? மூணுன்னு போட்டுட்டுப் போயேன், யாரு வந்து..."

"துவைச்சா சுருங்கறது ஏழு பர்சென்ட். நான் எதுக்கு மூணுன்னு..."

"எதிர்க்கடைக்காரன் மூணுன்னுதான் போட்டிருக்கான், நேத்து பார்த்தேன், பெரிய எழுத்துல..."

"அவன் துவைச்சுப் பார்த்தானா? கேட்டியா அவனை?"

"துணி விக்கறவன் எதுக்குடி துவைக்கணும்? துவைக்கறது வாங்கறவங்க பாடு!"

"அப்ப சுருங்கறதும் அவங்க பாடா? நல்லா இருக்கே உன் நியாயம்!"

கடைக்குள் நின்றிருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் துணியைப் பார்ப்பதை விட்டு அண்ணன் தங்கையைப் பார்த்தார்கள். நீளமான கடை அது. இரண்டு பக்கச் சுவரிலும் துணி ரோல்கள் வரிசையில் நிற்கும் ஆட்களைப் போல நிமிர்ந்து நிற்கும். நடுவில் ஒரு பெரிய மேஜை, அதன் விளிம்பில் மீட்டர் கோடுகள் பதித்த பித்தளைப் பட்டை. மேஜைக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் கிராமு. இருவருக்கும் நடுவே ஒரு பச்சைத் துணி, பருத்தியும் லினனும் கலந்து நெய்தது, யாருக்கும் பரிந்து பேசாமல் விரிந்து கிடந்தது.

கிராமு என்பது அண்ணன் வைத்த பெயர். இருபத்திரண்டு வருஷம் ஒரு மில்லின் பரிசோதனைக் கூடத்தில் துணியை வெட்டி எடை போட்டுக்கொண்டிருந்தவள். மில்லை மூடினார்கள். ஒரு பெட்டியோடும் ஒரு சின்னத் தராசோடும் அண்ணன் வீட்டுக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. வந்த முதல் நாளே கடையில் கண்ணில் பட்ட துணியில் எல்லாம் பத்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டித் தராசில் வைத்து, "இது சதுர மீட்டருக்கு நூத்தி நாப்பது கிராம், இது எண்பது கிராம்" என்று சொல்லிக்கொண்டே போனாள். "கடையையே கொத்திப் போட்டுடுவா போல" என்று அண்ணன் அலுத்துக்கொண்டு அன்றே பெயரை வைத்துவிட்டார். இப்போது வாடிக்கையாளர்களுக்கும் அவள் கிராமுதான்.

"கேளு அண்ணா. அறுபதுக்கு அறுபது வெட்டினேன். நடுவுல ஐம்பது சென்டிமீட்டர் குறி வச்சேன், நீளவாட்டுல மூணு இடம், அகலவாட்டுல மூணு இடம். துவைச்சேன். பிழியலை, தொங்க விடலை, மேஜையில பரப்பிக் காய வச்சேன். நீளத்துல நாப்பத்தாறரைதான் நிக்குது. மூணு குறியும் அதேதான். அப்ப ஏழு சதவீதம். அகலத்துல நாப்பத்தொன்பது. அதுல ரெண்டுதான்."

"ரெண்டு இருக்கில்ல? அந்த ரெண்டைப் போடேன்!"

"யாருக்கு அகலத்தைப் பத்திக் கவலை? தைக்கறவங்களுக்கு நீளம்தானே உயிர்!"

கல்லாவுக்குப் பக்கத்தில் துணியை மடித்துக்கொண்டிருந்த அண்ணி நிமிரவே இல்லை. மடிப்பை உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு, "அண்ணனும் தங்கச்சியும் கத்தினதுல துணி இன்னும் ரெண்டு பர்சென்ட் சுருங்கியிருக்கும்" என்றாள். வாடிக்கையாளர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணனுக்கும் உதடு கோணியது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"சரி, ஒரு முடிவுக்கு வருவோம்" என்றாள் அண்ணி. "சுருக்கம் அவ சொல்றபடியே இருக்கட்டும். அதுக்குப் பதிலா நீங்க கேட்டதையும் அவ செய்யட்டும். விலையை அரை மீட்டருக்குப் போடணும்னீங்க இல்ல?"

கடையின் இணையப் பக்கம் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. துணியின் படத்தையும் விவரத்தையும் எழுதுவது கிராமுவின் வேலை. அண்ணன் வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: பக்கத்தில் 'எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் வருகிறது. அதில் ஒன்று என்றால் ஒரு மீட்டர் என்று வைக்காமல் அரை மீட்டர் என்று வைத்தால், ஒன்றரை, இரண்டரை என்று வேண்டுகிறவர்களும் வாங்க முடியும். பார்க்கிற கண்ணுக்கு விலையும் பாதியாகத் தெரியும். குறைந்தபட்ச வெட்டு ஒரு மீட்டர். அதாவது குறைந்தது இரண்டு என்று போட வேண்டும்.

"செய்யறேன்" என்றாள் கிராமு. ஏழு நிற்கிற சந்தோஷத்தில் வேறு எதைக் கேட்டிருந்தாலும் அப்போது தலையாட்டியிருப்பாள்.

"இன்னொண்ணும் கேட்டுக்கோ" என்று அண்ணன் குரலைத் தாழ்த்தினார். கத்துவதைவிட அதுதான் கிராமுவுக்கு வலித்தது. "போன மாசம் மூணு பார்சல் திரும்பி வந்துச்சு. வெட்டின துணியை மறுபடி ரோல்ல ஒட்ட முடியாது. இந்தப் பச்சையில ஒரு பார்சல் திரும்பி வந்தாலும் சரி, இணையம் கிணையம் எல்லாத்தையும் மூடிட்டுக் கடையை மட்டும் பார்ப்போம். கடைக்கு நானும் உங்க அண்ணியும் போதும். உனக்குத்தான் அந்த மில்லு கூப்பிடுதே."

உண்மைதான். பன்னிரண்டு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் ஒரு மில்லில் பரிசோதனைக் கூடத்துக்கு ஆள் வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. தங்க விடுதி, பழகிய வேலை. இந்த மாதக் கடைசிக்குள் பதில் எழுத வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் தெரியாத ஊரில் ஒரு கட்டிலும் ஒரு கொக்கியும். கிராமுவுக்குப் போக மனமே இல்லை. ஆனால் 'நான் போகலை' என்று சொல்ல அவளுக்கு என்ன உரிமை? கடை அண்ணனுடையது. சோறு அண்ணி போடுவது.

அன்று மத்தியானமே பின்னறையில் உட்கார்ந்து பச்சைத் துணியின் விவரத்தை எழுதினாள். ரோலிலிருந்து நாலு மீட்டர் உருவி ஒரு நாள் தளர விட்டிருந்தாள். சுற்றி இறுக்கிய துணி இழுபட்டு இருக்கும், அப்படியே அளந்தால் பொய் சொல்லும். மூன்று இடத்தில் அகலம் பார்த்தாள். ஓரத்திலிருந்து ஓரம் நூற்றைம்பது. ஆனால் இரண்டு விளிம்பிலும் ஊசித்துளை விழுந்த கெட்டி ஓரம் இருக்கிறது, அதைத் தையலுக்குச் சேர்க்க முடியாது. அதைத் தள்ளி நூற்று நாற்பத்தாறு. எடை இருநூற்றுப் பத்து கிராம். சுருக்கம் நீளத்தில் ஏழு, அகலத்தில் இரண்டு. எந்தச் சூட்டுத் தண்ணீரில், எப்படிக் காயவைத்து என்பது வரைக்கும். நிறம் திரைக்குத் திரை மாறித் தெரியலாம்; ஒரு தடவை சாயம் போட்ட லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் நிற வித்தியாசம் வரும், ஆகவே தேவையானதை ஒரே தடவையில் வாங்கவும். இத்தனையும் எழுதி, எல்லாவற்றுக்கும் அடியில், ஒன்பதாவது வரியில், 'ஒன்று = அரை மீட்டர்; குறைந்தபட்ச வெட்டு ஒரு மீட்டர்' என்று எழுதி முடித்தாள்.

பரிசோதனைக் கூடத்தில் அறிக்கை அப்படித்தான் எழுதுவார்கள். எதை எடுத்தோம், எப்படி அளந்தோம், என்ன கண்டோம்; முடிவு கடைசியில். இருபத்திரண்டு வருஷம் அப்படி எழுதிய கை அது. படிக்கிறவர்கள் எல்லோரும் மில் மேலாளர்கள் இல்லை என்பது அந்தக் கைக்கு உறைக்கவில்லை.

பச்சை நன்றாகவே போனது. நாலு பேர், ஐந்து பேர் என்று கேட்டார்கள். நடுவில் பதினெட்டு என்று ஒரு ஆர்டர் வந்தது. ஒன்பது மீட்டர். கிராமு பித்தளைப் பட்டையில் இழுக்காமல் கிடத்தி அளந்து, நூல் பிடித்து நேராக வெட்டி, லாட் எண்ணை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்துக் கட்டினாள். "இதுதான் இதுவரைக்கும் போனதுல பெரிசு" என்று அண்ணன்கூடப் பார்சலை ஒரு தட்டுத் தட்டினார்.

ஐந்தாம் நாள் காலையில் போன் வந்தது.

"மேடம், பச்சைத் துணி வாங்கினேன், பதினெட்டு மீட்டர்" என்றது ஒரு பெண் குரல். "பிரிச்சு அளந்தா ஒன்பதுதான் இருக்கு. பாக்கி தனியா வருதா?"

கிராமு கணினியைத் திறந்து பார்த்தாள். எண்ணிக்கை: 18. தன் பக்கத்தையும் பார்த்தாள். ஒன்பதாவது வரி. திரையில் விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனால்தான் கண்ணில் படும் வரி.

"அம்மா... அது வந்து... ஒண்ணுன்னா அரை மீட்டர். அடியில எழுதியிருக்கேன்."

அந்தப் பக்கம் ஏதோ தட்டித் தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆமா. இருக்கு. இப்பதான் பார்க்கறேன்" என்றது குரல், வாட்டத்தோடு. "என் தப்புதான் மேடம். மேல இருக்கறதை எல்லாம் வரி விடாம படிச்சேன், கடைசியை விட்டுட்டேன்."

"இல்லம்மா, என் தப்பு. முதல்ல எழுத வேண்டியதைக் கடைசியில எழுதிட்டேன். நீங்க எதுக்கு வாங்கினீங்க, சொல்லுங்க."

கர்ட்டன் தைக்கிறவள் அவள். முதியோர் இல்லம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடம். ஒரே சுவரில் வரிசையாக மூன்று ஜன்னல், ஜன்னலுக்கு இரண்டு திரை, மொத்தம் ஆறு. அடுத்த வாரம் மாட்ட வேண்டும். வீட்டு வேலைகளாகவே செய்து வந்தவளுக்கு இதுதான் முதல் பெரிய வேலை.

"பாக்கி ஒன்பது மீட்டர் அனுப்புவீங்களா? அதே லாட்டா வேணும் மேடம். நீங்களே எழுதியிருக்கீங்களே, லாட் மாறினா நிறம் மாறும்னு. ஒரே சுவர்ல இருக்கு. இல்லன்னா சொல்லிடுங்க, இதைத் திருப்பி அனுப்பிட்டு வேற துணி பார்க்கணும். எனக்கு நாள் இல்லை."

திருப்பி அனுப்பி. கிராமு போனை மாற்றிப் பிடித்தாள். "அரை மணி நேரம் கொடுங்கம்மா. நானே கூப்பிடறேன்."

அந்த லாட்டில் ரோலில் மிச்சம் இருந்தது ஆறேகால் மீட்டர். இரண்டு முறை அளந்தாள். மூன்றாம் முறை அளந்தால் மட்டும் வளர்ந்துவிடுமா? ஆறேகால்தான்.

"புது ரோல்தான் நேத்தே வந்திருக்கே" என்றார் அண்ணன். விஷயம் அவர் காதுக்குப் போகாமல் இருக்குமா, பின்னறைக்கும் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தானே. "அதே மில்லு, அதே நம்பர், அதே பச்சை. அதுல ஒன்பது வெட்டி அனுப்பு. யாரு கண்டுபிடிக்கப் போறா?"

இரண்டையும் குழல் விளக்கின் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கிராமுவே அசந்துவிட்டாள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"பார்த்தியா?"

"வாசலுக்கு வா அண்ணா."

"எதுக்கு?"

"வாயேன்."

வாசல் வெளிச்சத்தில் இரண்டையும் ஒரே வாட்டத்தில், ஓரத்தோடு ஓரம் ஒட்டிப் பிடித்தாள். பழைய லாட் பாசி படிந்த கல்லின் பச்சை. புது லாட்டில் ஒரு மஞ்சள் உள்ளே ஒளிந்திருந்தது, கொஞ்சம் பழுக்கத் தொடங்கின காய்போல. போகிற வழியில் நின்ற செருப்புக் கடைக்காரர், "என்ன, ரெண்டு நிறம் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அண்ணன், "செருப்புக்காரனுக்கே தெரியுது" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். போகும்போது, "அப்ப பார்சல் திரும்பி வருதுன்னு சொல்லு" என்றார். அதில் கோபம் இல்லை. ஒரு சோர்வு இருந்தது.

கிராமு பின்னறைக்குப் போய் ஒரு காகிதத்தை எடுத்தாள். ஆறேகால். இரண்டு திரைக்கு மூன்று மூன்றாக ஆறு போய்விடும். மூன்றாவது திரைக்குக் கால் மீட்டர். கால் மீட்டரில் கைக்குட்டைதான் தைக்கலாம்.

கதவருகே நிழல் விழுந்தது. அண்ணி. கையில் ஒரு துணிப்பை.

"எவ்வளவு குறையுது?"

"ஒரு திரைக்கு மூணு மீட்டர் வேணும் அண்ணி. அது மட்டும்தான் இல்லை."

அண்ணி பைக்குள் கைவிட்டு மடித்த துணி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதே பச்சை. கிராமு மடிப்பைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். மஞ்சள் இல்லை. பழைய லாட்.

"இது ஏது?"

"ரோல் வந்த வாரமே எனக்குன்னு வெட்டினேன். ஒரு நல்ல உடுப்பு தைச்சுக்கலாம்னு. இந்தக் கடையில உக்காந்து இத்தனை வருஷமாச்சு, வர்றவங்களுக்கெல்லாம் வெட்டிக் கொடுக்கறேன், எனக்குன்னு வெட்டினதே இல்லை." அண்ணி லேசாகச் சிரித்தாள். "தையல்காரம்மா ரெண்டு அறுபது வேணும்னாங்க. உன் பக்கத்தைப் படிச்சேன். ஏழு சுருங்கும்னா ரெண்டு எண்பது எடுக்கணும்னு நானே கணக்குப் போட்டேன். சரியா?"

கிராமு காகிதத்தின் மூலையில் பெருக்கினாள். இரண்டு எண்பதில் ஏழு சதவீதம் போனால் இரண்டு அறுபது. "சரி அண்ணி" என்றாள். "மில்லுல எங்க கூட இருந்திருந்தீங்கன்னா என்னை மேலாளர் திட்டியே இருக்க மாட்டார்."

"துவைக்கலை. நீ துவைச்சுட்டுத் தைக்கணும்னு சொல்லிட்டே இருந்தே, நான் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டே இருந்தேன். சோம்பேறித்தனத்துக்கும் ஒரு நாள் வருது பாரு."

"வேண்டாம் அண்ணி. உங்களுக்குன்னு முதல் தடவையா..."

"போனைப் போடு. அந்தப் பொண்ணு காத்துட்டிருக்கும்."

"இது மூணு மீட்டர் இல்லையே. இருபது சென்டிமீட்டர் குறையுதே."

"அதைத்தான் அவகிட்ட கேளுன்னு சொல்றேன். தைக்கறவளுக்கு வழி தெரியாமலா இருக்கும்?"

கிராமு போனை மேஜைமேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். அண்ணன் பின்னறை வாசற்படியில் வந்து நின்றார், எதற்கோ வந்ததுபோல.

"அம்மா, கேளுங்க. அதே லாட்டுல மூணு மூணா ரெண்டு துண்டு இருக்கு. இன்னொரு துண்டு ரெண்டு எண்பதுதான். உங்க திரைக்கு ஏன் மூணு மீட்டர்னு சொல்லுங்க, பார்க்கலாம்."

"தொங்கறது ரெண்டரை மேடம்" என்றாள் அவள். குரலில் உயிர் வந்திருந்தது. "மேல நாடா மடிப்புக்கு ஆறு, அடி மடிப்புக்கு இருபத்திமூணு. ரெண்டு எழுபத்தொன்பது வேணும். நீங்க ஏழு போட்டிருந்தீங்க இல்ல, அதனால மூணு எடுத்தேன். துவைச்சுட்டுத்தான் வெட்டுவேன்."

"சரியான கணக்கு."

"ரெண்டு எண்பதுன்னா துவைச்சா ரெண்டு அறுபது நிக்கும். ரெண்டரைக்கு மேல பத்துதான். மேல ஆறு போனா நாலு..." அந்தப் பக்கம் பென்சில் காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. "அடி மடிப்புக்குத் துணி இல்லை. ஆனா, மேடம், அடி மடிப்பு பின்பக்கம்தானே போகுது! வேற துண்டை வச்சுத் தைச்சுத் திருப்பிட்டா? அந்த நாலு சென்டிமீட்டர் தையலுக்குப் போதும். முன்னாடி நிக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"புது லாட்ல ஒரு மீட்டர் கூடவே வைக்கறேன்" என்றாள் கிராமு அவசரமாக. "கொஞ்சம் மஞ்சளடிக்கும், ஆனா பின்னால மடிப்புக்குள்ளதான். அதை நான் இன்னும் துவைச்சுப் பார்க்கலை, அதுக்கு ஏழுன்னு நம்பிடாதீங்க. முதல்ல துவைச்சுட்டு, இஸ்திரி போட்டு, அப்புறம் தைங்க. இல்லன்னா ஒண்ணு சுருங்கி ஒண்ணு சுருங்காம அடி சுருட்டிக்கும்."

"செய்யறேன், செய்யறேன்." அவள் பெருமூச்சு விட்டது கடை முழுக்கக் கேட்டது. "மேடம், ஒண்ணு சொல்லவா? போன வருஷம் ஒரு வீட்டுக்கு எட்டுத் திரை தைச்சேன். வாங்கின இடத்துல மூணுன்னு போட்டிருந்தாங்க. மூணை நம்பி அளவெடுத்தேன். முதல் சலவையில எட்டும் ஜன்னல் கட்டைக்கு மேல ஏறிடுச்சு, முழங்காலுக்கு மேல பாவாடை மாதிரி. எட்டையும் மறுபடி நானே வாங்கித் தைச்சுக் கொடுத்தேன். அதுக்கப்புறம் துணி தேடும்போதெல்லாம் அந்த ஒரு வரியைத்தான் பார்ப்பேன். எல்லாரும் மூணுதான். உங்க பக்கத்துல ஏழுன்னு பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. யாரோ நிஜமா துவைச்சுப் பார்த்திருக்காங்கன்னு. அந்த ஏழுக்காகத்தான் மேடம் வாங்கினேன். ரொம்ப நன்றி."

 வாசற்படியிலிருந்து அண்ணன் முன்னால் வந்து போனை நோக்கிக் குனிந்தார்.

"அம்மா, நான் கடைக்காரர் பேசறேன். தப்பு எங்க மேலதான். அரை மீட்டர்னு வைக்கச் சொன்னது நான். பார்சல் இன்னிக்கே கிளம்பிடும். வேற எது வேணும்னாலும் கூப்பிடுங்க."

போன் வைத்ததும் அவர் யார் முகத்தையும் பார்க்காமல் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். கிராமு எட்டிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக: 'ஒன்று என்றால் அரை மீட்டர். ஆறு மீட்டர் வேண்டும் என்றால் பன்னிரண்டு என்று போடவும்.'

"எழுத்தைப் பெரிசாக்கு" என்றார். "இன்னும் பெரிசு. நம்ம அம்மா கண்ணாடி இல்லாம படிக்கற மாதிரி."

"புது லாட்டை இதே பக்கத்துல சேர்க்கக் கூடாது அண்ணா. தனிப் பக்கம் வேணும். தனிப் படம், வாசல் வெளிச்சத்துல எடுத்தது."

"எடு. செருப்புக்காரனையும் கூப்பிட்டு வச்சுக்கோ" என்றார் அண்ணன். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணியின் துண்டைக் கட்டும்போதுதான் கிராமுவின் கை தயங்கியது. அண்ணி கத்திரிக்கோலை வாங்கி நூலைத் தானே நறுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

ஒன்பது நாள் கழித்துக் கர்ட்டன்காரம்மா கூப்பிட்டாள். இந்த முறை "மேடம்" போய் "அக்கா" வந்திருந்தது. படமும் அனுப்பியிருந்தாள். மூன்று ஜன்னல், ஆறு திரை, காலை வெயில் பின்னால் அடிக்கிறது. எது இரண்டு எண்பதில் தைத்தது என்று கிராமு, அண்ணன், அண்ணி மூவரும் தலையோடு தலை முட்டிப் பார்த்தார்கள். மூவரும் மூன்று வெவ்வேறு திரையைக் காட்டினார்கள்.

"ஒன்பது மீட்டரைத் துவைச்சு அளந்தேன் அக்கா. எட்டு முப்பத்தெட்டு. உங்க கணக்குக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அங்க சாப்பிட வர்றவர் ஒருத்தர், எண்பது வயசு இருக்கும், திரையைத் தொட்டுப் பார்த்து, இப்பதான் கண்ணு கூசாம சாப்பிடறேம்மான்னாரு. உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு."

"சந்தோஷம்மா" என்றாள் கிராமு. "நீங்க அன்னிக்குத் திட்டாம, திருப்பி அனுப்பாம, உக்காந்து என்கூடக் கணக்குப் போட்டீங்க பாருங்க. அது எனக்கு எவ்வளவு பெரிய உதவின்னு உங்களுக்குத் தெரியாது."

"என்ன அக்கா பெரிய வார்த்தை. மாடி ரூமுக்கும் அவங்களே கேக்கறாங்க. துணி முடிவானதும் சொல்றேன். நீங்க துவைச்சுப் பார்த்துச் சொல்ற துணியா இருந்தா போதும்."

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. அன்று மத்தியானம் அண்ணன் பின்னறைக்கு வந்தார். பின்னாலேயே ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியும் வந்தது, அவர் தோளில்.

"பழைய தொட்டி ஓட்டை. இது பெரிசு, ஒரே நேரத்துல நாலு துண்டு துவைக்கலாம். மொத்தம் முப்பத்தியாறு ரோல் கடையில நிக்குது. எல்லாத்துக்கும் ஒவ்வொண்ணா பக்கம் எழுதணும்னா எத்தனை நாள் ஆகும்?"

"துவைச்சு, காய வச்சு, அளந்து... ரெண்டு மாசம்."

"மில்லுக்காரன் மாசக் கடைசிக்குள்ள பதில் கேட்டிருந்தானே."

"ஆமா."

"எழுதிப் போட்டுடு, வேலை இருக்குன்னு." தொட்டியைக் குழாயடியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். "பொய்யில்லையே. முப்பத்தியாறு ரோல் இருக்கே." கிராமு எழுந்திருப்பதற்குள் வெளியே போய், யாரோ வாடிக்கையாளரிடம், "துவைச்சுப் பார்த்த துணிம்மா, எங்க வீட்டுலயே லேப் இருக்கு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிராமு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அண்ணன் அந்த வாடிக்கையாளரை அழைத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போயிருந்தார். மேஜையில் அண்ணி மட்டும். புதிதாக வந்த நீல ரோலிலிருந்து துணியை உருவி, தளர விடுவதற்காக அலை அலையாக மடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இழுக்காமல், துணி தானாக வந்து விழும்படி. கிராமு எதிர்ப்பக்கம் நின்று மறு விளிம்பைப் பிடித்தாள். இரண்டு பேர் கையிலும் துணி மெல்ல இறங்கியது. 

"அண்ணி, நான் பெட்டியோட வந்து நின்னேனே, அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும், எத்தனை நாள் இருப்பேன்னு நீங்க என்னை ஒரு தடவை கூடக் கேக்கலை."